சனிக்கிழமை அறுத்த தர்பூசணி

மே மாதத்துச் சனிக்கிழமை. திண்டிவனம் பக்கம் போய்த் திரும்பும்போது சாலையோரக் குவியலில் தட்டிப் பார்த்து வாங்கிய ஆறு கிலோ தர்பூசணி. காலை 11 மணிக்கு அறுத்தோம். ஆளுக்கு இரண்டு பத்தை சாப்பிட்டோம். மீதிப் பாதி சாப்பாட்டு மேஜையிலேயே இருந்தது. மதியம் மூன்று மணிக்கு யாருக்கோ ஞாபகம் வந்து, அதை அப்படியே தட்டோடு தூக்கி ஃபிரிட்ஜில் வைத்தார்கள். மூடி இல்லை. ஒரு பக்கம் இட்லி மாவுப் பாத்திரம், மேல் தட்டில் ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்காக வாங்கிய மீன்.

செவ்வாய்க்கிழமை மதியம் ஃபிரிட்ஜைத் திறந்தபோது அந்தப் பழம் இன்னும் அங்கேயே இருந்தது. வெட்டிய முகம் வறண்டு, லேசாகச் சுருங்கி, மங்கலான சிவப்பில் இருந்தது. என் மாமியார் கத்தியை எடுத்துக்கொண்டு வந்தார். "மேல் தோலை மட்டும் மெல்லிசா சீவிடலாம்மா. உள்ளே நல்லாத்தான் இருக்கும். இவ்வளவு பழத்தையா தூக்கிப் போடறது?" என்றார்.

பெரும்பாலான வீடுகளில் இதைத்தான் செய்கிறோம். காய்ந்த மேல்பரப்பைக் கெட்டுப்போன பகுதி என்று நினைத்துச் சீவி எறிகிறோம், ஈரமாகச் சிவந்திருக்கும் உட்பகுதியை நல்லது என்று நம்பிச் சாப்பிடுகிறோம். உண்மையில் அந்தக் காய்ந்த படலம் ஒரு தீங்கும் செய்யாது. ஃபிரிட்ஜுக்குள் ஓடும் குளிர்காற்று பழத்தின் நீரை உறிஞ்சிக்கொள்கிறது, அவ்வளவுதான். உள்ளே விசிறி சுழலும் 'ஃப்ராஸ்ட் ஃப்ரீ' வகை ஃபிரிட்ஜில் இது ஒரே இரவில் நடந்துவிடும். அந்தப் பழத்தைச் சாப்பிடலாமா என்பதைத் தீர்மானிக்கிற விஷயம் வேறு இடத்தில் இருக்கிறது. அது சனிக்கிழமை காலை 11 மணிக்கு, கத்தி தோலைக் கிழித்து உள்ளே இறங்கிய நொடியில் தொடங்கியது.

தர்பூசணிக் கொடி தரையில் படர்கிறது. காய் மண்ணின் மேலேயே கிடந்து பழுக்கிறது. தொழு உரம், பாசன நீர், ஆடு மாடுகளின் எச்சம், லாரி, சாலையோர வைக்கோல், பல கைகள் எல்லாவற்றையும் தொட்டுவிட்டுத்தான் நம் வீட்டுக்கு வருகிறது. முழுப் பழமாக இருக்கும்வரை கவலை இல்லை. தடித்த தோல் ஒரு நல்ல கதவு. தோலைக் கழுவாமல் அறுக்கும்போது அந்தக் கதவை நாமே திறக்கிறோம். தோலின் மேல் இருந்ததைக் கத்தி வழித்துக்கொண்டு போய்ச் சதையில் தடவிவிடுகிறது. 'எப்படியும் தோலைச் சாப்பிடப் போவதில்லையே' என்று கழுவாமல் விடுவது இதனால்தான் தவறு.

பப்பாளி மரத்தில்தான் தொங்குகிறது. ஆனால் பறித்த பிறகு கழுவுகிற தண்ணீர் அதைக் கெடுத்துவிடலாம். 2006-07-ல் ஆஸ்திரேலியாவில் பப்பாளி சாப்பிட்ட சிலருக்கு சால்மோனெல்லா தொற்று ஏற்பட்டது. விசாரித்துக்கொண்டே போனபோது, பண்ணையில் பழங்களைச் சுத்திகரிக்காத ஆற்று நீரில் கழுவியிருந்தது தெரியவந்தது. சுத்தம் செய்வதற்காகச் செய்த வேலையே கிருமியைப் பழத்தில் ஏற்றிவிட்டது.

எல்லாப் பழத்தையும்தானே அறுக்கிறோம், இந்த இரண்டுக்கு மட்டும் ஏன் இத்தனை எச்சரிக்கை? விடை புளிப்பில் இருக்கிறது. புளிப்பை அளக்கும் பி.எச். கணக்கில், எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். எலுமிச்சை 2-ஐ ஒட்டி இருக்கும், அன்னாசி மூன்றரையை ஒட்டி. 4.6-க்குக் கீழே இருக்கும் புளிப்பில் நோய்க்கிருமிகள் பெருகுவது கடினம் என்பது உணவு அறிவியலில் பொதுவாக வைத்திருக்கும் எல்லைக்கோடு. தர்பூசணியும் பப்பாளியும் 5-க்கும் 6-க்கும் இடையில் நிற்கின்றன. புளிப்பு என்ற காவல் இல்லை. தண்ணீரும் சர்க்கரையும் மட்டும் தாராளமாக இருக்கின்றன. அமெரிக்க அரசு உணவகங்களுக்காக வெளியிடும் உணவு விதித்தொகுப்பு, தர்பூசணி உள்ளிட்ட அறுத்த முலாம்பழ வகைகளைப் பால், இறைச்சி, வடித்த சோறு ஆகியவற்றோடு ஒரே வரிசையில் வைத்திருக்கிறது. அறுத்த ஆரஞ்சுக்கு அந்த வரிசையில் இடமில்லை. மேஜையில் ஒரு கிண்ணம் பாலை நான்கு மணி நேரம் மறந்துவிட்டால் நமக்குப் பதறுகிறது. தர்பூசணிக்கு யாரும் பதறுவதில்லை.

இப்போது அந்தச் சனிக்கிழமைப் பழத்துக்கு வருவோம். பிரேசிலில் பென்டியாடோ, லெய்ட்டாவ் என்ற இரு ஆய்வாளர்கள் தர்பூசணி, பப்பாளிச் சதையில் கிருமிகளை விட்டு, அவை எத்தனை நேரத்துக்கு ஒருமுறை இரட்டிக்கின்றன என்று அளந்து 2004-ல் வெளியிட்டார்கள். 30 டிகிரி வெப்பத்தில் சால்மோனெல்லா இரண்டு பழங்களிலுமே ஏறக்குறைய அரை மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டித்தது. 10 டிகிரியில் தர்பூசணியில் அதற்கு ஏழரை மணி நேரமும், பப்பாளியில் 16 மணி நேரத்துக்கும் மேலும் ஆனது.

எங்கள் கத்தி தோலிலிருந்து வெறும் பத்துக் கிருமிகளை உள்ளே கொண்டுபோனதாக வைத்துக்கொள்வோம். மே மாதச் சமையலறை 30 டிகிரிக்குக் குறையாது. காலை 11 முதல் மதியம் 3 வரை நான்கு மணி நேரம், அதாவது எட்டு இரட்டிப்பு. பத்து, இருபது, நாற்பது என்று போய் 2,560-ல் நிற்கும். பிறகு ஃபிரிட்ஜ். கோடையில் அடிக்கடி திறந்து மூடும், சாமான் நெருக்கிய ஃபிரிட்ஜின் உள்ளே 10 டிகிரி இருப்பது அரிதான சங்கதி அல்ல. செவ்வாய் மதியம் மூன்று மணி வரை 72 மணி நேரம். ஏழரை மணிக்கு ஒருமுறை என்றால் ஒன்பது முறை இரட்டித்து முடிந்திருக்கும். 2,560 என்பது 13 லட்சத்தைத் தாண்டிவிடும்.

இது காகிதக் கணக்கு. அறுத்த உடனே கிருமிகள் பெருகத் தொடங்குவதில்லை. புது இடத்துக்குப் பழகச் சிறிது நேரம் எடுத்துக்கொள்ளும். ஆகவே உண்மை எண் இதைவிடக் குறைவாக இருக்கலாம். பல பழங்களில் அந்த முதல் பத்துக் கிருமிகளே இல்லாமலும் இருக்கும். ஆனால் கணக்கு காட்டும் திசை தெளிவானது. அதே பழத்தை அறுத்த அரை மணிக்குள் மூடி, 4 டிகிரியில் வைத்திருந்தால், அந்தக் குளிரில் சால்மோனெல்லா பெருகாது. பத்து, இருபதாகியிருக்கும், செவ்வாய்க்கிழமையும் அந்த அளவிலேயே நின்றிருக்கும். ஃபிரிட்ஜில் கழித்த மூன்று நாளை மட்டும் பார்த்துப் பயப்படுகிற நாம், அதற்கு முந்தைய நான்கு மணி நேரத்தைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

குளிர் கிருமியைக் கொல்வதில்லை, நிறுத்தி வைக்கிறது. லிஸ்டீரியா என்ற கிருமியை நிறுத்தி வைக்கவும் அதனால் முடியாது. அது 4 டிகிரியிலும் மெதுவாகப் பெருகிக்கொண்டே இருக்கும். 2011-ல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துப் பண்ணை ஒன்றிலிருந்து போன முலாம்பழங்களால் 147 பேருக்கு லிஸ்டீரியா தொற்று வந்தது. 33 பேர் இறந்தார்கள். பழங்களைக் கழுவி அடுக்கும் கொட்டகையின் தரையில் தேங்கிய நீரிலும் கருவிகளிலும் அந்தக் கிருமி இருந்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். கர்ப்பிணிகளுக்கு இது வந்தால் சாதாரணக் காய்ச்சல் போலத் தோன்றி, கருவைக் கலைத்துவிடக்கூடும். நம் வீடுகளில் கர்ப்பிணிக்குப் பப்பாளி கூடாது என்று கண்டிப்பாக இருப்போம். அதே பெண்ணுக்கு நான்கு நாள் பழைய தர்பூசணியை 'உடம்புக்குக் குளிர்ச்சி' என்று எடுத்துக் கொடுப்போம். எனக்கு இந்த இரண்டாவது பழக்கம்தான் பெரிய கவலையாகத் தெரிகிறது.

மூடாமல் வைப்பதில் என்ன கெடுதல்? மூடி போட்டால் உள்ளே ஏற்கெனவே போய்விட்ட கிருமி பெருகாமல் இருக்காது. மூடி தடுப்பது, புதிதாக வந்து விழுவதை. எங்கள் பழத்துக்கு மேல் தட்டில் மீன் இருந்தது என்று சொன்னேன் அல்லவா? அந்தப் பையிலிருந்து ஒரு சொட்டு நீர் கீழே இறங்கினால் போதும். மீனையும் கோழியையும் கொதிக்க வைத்துத்தான் சாப்பிடுகிறோம், பழத்தை அப்படியே சாப்பிடுகிறோம். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜாக இருந்தால் ஃப்ரீசரில் உறைந்த பனி உருகி, அந்தத் தண்ணீரும் சொட்டும். பொங்கி வழியும் இட்லி மாவும், அழுகிய தக்காளியிலிருந்து பறக்கும் பூஞ்சண வித்துகளும் இருக்கின்றன. பூண்டு, வெங்காயம், மீன் வாடைகளையும் வெட்டிய பழம் பிடித்துக்கொள்ளும். வாடை பிடித்ததால் மட்டும் உடம்புக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் மீன் வாடை வருகிற தர்பூசணி, மீனுக்கும் அதற்கும் நடுவில் எந்தத் தடுப்பும் இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறது.

மாமியார் அந்தத் துண்டை முகர்ந்து பார்த்தார். "வாடையே இல்லையே" என்றார். இங்கேதான் நாம் அதிகம் ஏமாறுகிறோம். பழம் கெட்டால் வரும் அடையாளங்கள் எல்லாருக்கும் தெரிந்தவை. தர்பூசணியின் மேல் விரல் வைத்தால் கொழகொழவென்று வழுக்கும். தட்டில் கலங்கிய நீர் கட்டும். ஓரத்தில் சிறு குமிழிகள் நிற்கும். நாக்கில் வைத்தால் சுருக்கென்று புளிக்கும். பப்பாளி என்றால் விதைக் குழியில் நீர் தேங்கி, சதை கண்ணாடி போல ஆகி, கள் வாடை அடிக்கும். காம்புப் பக்கம் வெள்ளைப் பஞ்சு போல பூஞ்சணம் முளைக்கும். இவை எல்லாம் ஈஸ்ட், பூஞ்சணம், பழத்தை அழுகவைக்கும் பாக்டீரியாக்கள் செய்யும் வேலை. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் பழம் முழுவதையும் கொட்டிவிட வேண்டும். பூஞ்சணம் பிடித்த இடத்தை மட்டும் வெட்டி எறிவது தேங்காய் போன்ற கெட்டியான பொருளுக்கே நிச்சயமில்லாத வழி; நீர் நிறைந்த பழத்தில் அதன் இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் ஆழமாக ஓடியிருக்கும். ருசி பார்த்து முடிவு செய்யவும் வேண்டாம்.

ஆனால் சால்மோனெல்லாவும் லிஸ்டீரியாவும் இந்த அடையாளங்களில் ஒன்றைக்கூடக் காட்டாது. நிறம் மாறாது, வாடை வராது, வழுக்காது. பழம் அழுகியது தெரிந்தால் தூக்கிப் போடலாம். பழம் நன்றாகத் தெரிவதால் சாப்பிடலாம் என்று சொல்ல முடியாது. அதற்கு மணிக்கணக்கு ஒன்றுதான் வழி.

அந்தக் கணக்கை நான் என் வீட்டில் இப்படி வைத்திருக்கிறேன். அறுத்த பழம் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் அது ஃபிரிட்ஜுக்குப் போகக் கூடாது, குப்பைக்குப் போக வேண்டும். வெயில் 32 டிகிரியைத் தாண்டிய நாளில் இந்த இரண்டு மணி ஒரு மணியாகிவிடும். அமெரிக்க வேளாண் துறை சொல்லும் விதி இது. நம் ஊரில் மார்ச் முதல் ஜூன் வரை ஒரு மணி என்றே வைத்துக்கொள்ளலாம். நேரத்தோடு மூடிய டப்பாவில் போய், ஃபிரிட்ஜும் 5 டிகிரிக்குள் இருந்தால் மூன்று நாள் வைத்துச் சாப்பிடலாம். உணவகங்களுக்கான விதியில் 5 டிகிரியில் ஏழு நாள் வரை அனுமதி உண்டு. அங்கே வெப்பநிலையை அளந்து எழுதி வைக்கிறார்கள். நம் ஃபிரிட்ஜில் குழந்தைகள் தண்ணீர் பாட்டிலுக்காகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கதவைத் திறக்கிறார்கள். அதனால்தான் மூன்று.

மூடாமல் ஃபிரிட்ஜில் கிடந்த பழம் என்றால் மறுநாள் வரைதான். அதுவும், அறுத்த ஒரு மணிக்குள் உள்ளே போயிருந்து, பக்கத்திலும் மேலேயும் பச்சை இறைச்சி, மீன் எதுவும் இல்லாமல் இருந்தால். ஒரு சொட்டு விழுந்திருக்கலாம் என்ற சந்தேகம் வந்தால்கூட அன்றைக்கே கொட்டிவிட வேண்டும். மேலே சீவுவது உதவாது. சாறு உள்ளே இறங்கியிருக்கும், சீவுகிற கத்தியே மேலிருப்பதை உள்ளே பூசும். இரண்டு நாள் திறந்து கிடந்ததை யாருக்கும் கொடுக்க வேண்டாம். கர்ப்பிணி, கைக்குழந்தை, அறுபத்தைந்து தாண்டியவர், புற்றுநோய்ச் சிகிச்சையிலோ சிறுநீரகச் சிகிச்சையிலோ இருப்பவர் வீட்டில் இருந்தால், அவர்களுக்கு அன்று அறுத்ததை அன்றே கொடுங்கள், திறந்து கிடந்ததைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

'ஜூஸ் அடித்துவிடலாம், எலுமிச்சை பிழிந்தால் சரியாகிவிடும்' என்ற யோசனையும் வரும். மிக்ஸி கிருமியைக் கொல்லாது, எல்லா டம்ளருக்கும் சமமாகப் பங்கு போடும். எலுமிச்சையைப் பற்றி மெக்சிகோவில் 1989-லேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அங்கே தெருவில் பப்பாளி, தர்பூசணித் துண்டுகளின் மேல் எலுமிச்சை பிழிந்து விற்பது வழக்கம். சாறு பிழிந்த துண்டுகளில் கிருமிகளின் எண்ணிக்கை குறைந்தது, ஆனால் முழுவதும் அழியவில்லை. ருசிக்காகப் பிழியுங்கள்; பழசைப் புதிதாக்கும் என்று நம்பிப் பிழியாதீர்கள்.

கடையில் பாதியாக அறுத்து, பிளாஸ்டிக் தாள் சுற்றி வைத்த பழத்தை வாங்கினால், நம் கடிகாரம் நாம் வாங்கிய நேரத்தில் தொடங்குவதில்லை. கடைக்காரர் அறுத்த நேரத்தில் தொடங்குகிறது. "எப்பண்ணே அறுத்தது?" என்று கேட்பதில் தவறே இல்லை. குளிரூட்டாத மேஜையில் காலையிலிருந்து இருக்கிறது என்றால் முழுப் பழமாக வாங்கிக்கொள்ளுங்கள். அதேபோல மின்வெட்டு. கதவைத் திறக்காமல் இருந்தால் ஃபிரிட்ஜ் நான்கு மணி நேரம் வரை குளிர்ச்சியைத் தாங்கும். அதற்கு மேல் மின்சாரம் வரவில்லை என்றால் உள்ளே இருந்த அறுத்த பழத்தையும் கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

வைக்கிற முறை எளிது. பழத்தை அறுப்பதற்கு முன் ஓடும் குழாய் நீரில், அதற்கென்றே வைத்த பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவித் துடையுங்கள். கத்தியையும் பலகையையும் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு அறுங்கள். அன்றைக்குத் தேவையானதைத் தட்டில் வைத்ததும், மீதியைச் சாப்பிடுவதற்கு முன்பே துண்டு போட்டு, மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில் ஃபிரிட்ஜின் மேல் தட்டில் வைத்துவிடுங்கள். மீன், கோழி எப்போதும் கீழ்த் தட்டில். டப்பாவின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டி 'சனி, 11 மணி' என்று எழுதுங்கள். உங்கள் ஃபிரிட்ஜ் உண்மையில் எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று தெரிய, ஒரு டம்ளர் தண்ணீரில் சமையல் வெப்பமானியைப் போட்டு நடுத் தட்டில் இரவு முழுக்க வைத்துக் காலையில் பாருங்கள். எங்கள் வீட்டில் 9 காட்டியது. திருகைக் கூட்டி, சாமானைக் குறைத்த பிறகு 4-க்கு வந்தது.

சால்மோனெல்லா உள்ளே போனால் ஆறு மணி நேரத்திலிருந்து ஆறு நாளுக்குள் வயிற்றுவலி, பேதி, காய்ச்சல் வரும். அத்தனை நாள் கழித்து வருவதால் யாரும் பழத்தை நினைப்பதில்லை. இடையில் சாப்பிட்ட கல்யாணச் சாப்பாட்டின் மேல் பழி போகும். பேதியில் ரத்தம் தெரிந்தாலும், காய்ச்சல் ஏறினாலும், குழந்தை சோர்ந்து போனாலும் ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொடுத்துக்கொண்டே மருத்துவரிடம் போங்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால், மூன்று நாளுக்கு முந்தைய பழத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமைப் பழத்தைக் கொட்டினோம். மாமியாருக்கு மனசு கேட்கவில்லை. இரண்டு கிலோவுக்கு மேல் இருந்தது. அந்த வருத்தம் நியாயமானதுதான். இப்போதெல்லாம் நாங்கள் ஆறு கிலோ பழம் வாங்குவதில்லை. கரும்பச்சைத் தோலுடன் இரண்டு, மூன்று கிலோவில் வரும் சின்ன ரகத்தைக் கேட்டு வாங்குகிறோம். நான்கு பேர் உட்கார்ந்தால் ஒரே வேளையில் முடிந்துவிடுகிறது.